நாளைக்குப் பரீட்சை உண்டு: மாறிய கால அட்டவணையும் தேர்வு அறை விதிகளும்

இரண்டாம் ஆண்டு பி.காம். தோழர்களுக்கு,

நேற்றிலிருந்து எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறீர்கள்: "பரீட்சை எல்லாம் தள்ளிப்போச்சாமே?" எல்லாம் தள்ளிப்போகவில்லை. இரண்டே இரண்டு தாள்கள்தான் தள்ளிப்போயிருக்கின்றன. நாளை, நவம்பர் 19 புதன்கிழமை, வணிகச் சட்டம் ஏற்கெனவே சொன்னபடி காலை 10 மணிக்கு நடக்கிறது. மீதியை ராத்திரி சாப்பிட்டுவிட்டுப் படியுங்கள். இந்த ஒன்றை மட்டும் இப்போதே உங்கள் ஊரில் உள்ள நம் வகுப்பு ஆட்களுக்குச் சொல்லிவிடுங்கள். தங்கச்சிமடம், பாம்பன் பக்கம் மழையில் கரண்டும் டவரும் போய்ப் போய் வருகின்றன. அங்கே இருப்பவர்களுக்கு மெசேஜ் போட்டுவிட்டு விட்டுவிடாமல் போன் போட்டுச் சொல்லுங்கள்.

இந்தக் குழப்பம் எங்கிருந்து வந்தது என்றால், ஒரு போட்டோவிலிருந்து. மழைக்காகத் திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் மாவட்டத்தில் பள்ளி, கல்லூரிகளுக்கு விடுமுறை விட்டார்கள். அந்த இரண்டு நாள் தேர்வுகளை மட்டும் ஒத்திவைத்துப் பல்கலைக்கழகம் ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. அதை யாரோ போனில் படம் பிடித்துப் போட்டார்கள். படத்தில் "தேர்வுகள் ஒத்திவைக்கப்படுகின்றன" வரை இருந்தது. அதற்குக் கீழே இருந்த "இதர தேர்வுகள் ஏற்கெனவே அறிவித்தபடி நடைபெறும்" என்ற வரி வெட்டுப்பட்டுப் போயிற்று. நான் இன்று அலுவலகத்தில் நின்று அசல் தாளை இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். அந்தப் பாதிப் படத்தை அழித்துவிடுங்கள்.

விடுமுறை அறிவிப்பைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த மாதம் முடிவதற்குள் இன்னொரு முறை இதே கதை வரலாம். "பள்ளிகளுக்கு விடுமுறை" என்பது வேறு, "பள்ளி, கல்லூரிகளுக்கு விடுமுறை" என்பது வேறு. முதல் அறிவிப்பு நம்மைச் சேராது. இரண்டாவது வந்தாலும் வகுப்புகள் இல்லை என்பது மட்டும்தான் உறுதி. பல்கலைக்கழகத் தேர்வு தள்ளிப்போகிறதா என்பதைப் பல்கலைக்கழகம் தனியாகச் சொல்ல வேண்டும். ஒரே வினாத்தாளை எல்லாக் கல்லூரிகளிலும் ஒரே நேரத்தில் பிரிக்கிறார்கள். நம் மாவட்டத்தில் மழை, பக்கத்து மாவட்டத்தில் வெயில் என்றால் அங்கே மட்டும் நடத்திவிட்டு நமக்கு அதே தாளைப் பிறகு கொடுக்க முடியாது. அதனால் ஒத்திவைத்தால் எல்லோருக்கும் சேர்த்து ஒத்திவைப்பார்கள், இல்லையென்றால் நமக்கென்று வேறு வினாத்தாள் தயார் செய்ய வேண்டும். இரண்டுமே சுற்றறிக்கை இல்லாமல் நடக்காது. ஆகவே சுற்றறிக்கை வரும்வரை பரீட்சை இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு கிளம்புங்கள்.

பாம்பனில் மூன்றாம் எண் கூண்டு ஏற்றிவிட்டார்கள், அதனால் பரீட்சை இருக்காது என்று ஒருவர் சொன்னார். கூண்டு கடலுக்குப் போகிறவர்களுக்கு. எங்கள் வீட்டில் கூண்டு ஏற்றினால் வலை கரையில் கிடக்கும், நான் மட்டும் வழக்கம்போல் காலேஜுக்குக் கிளம்புவேன்.

இப்போதைய அட்டவணை

நமக்கு மீதி இருப்பவை நான்கு தாள்கள். தமிழும் ஆங்கிலமும் முடிந்துவிட்டன.

வணிகச் சட்டம்: நவம்பர் 19, புதன், காலை. மாற்றம் இல்லை.

வணிகப் புள்ளியியல்: நவம்பர் 21, வெள்ளி, பிற்பகல். மாற்றம் இல்லை.

நிறுமக் கணக்கியல்: 17ஆம் தேதி திங்கள் காலை நடக்க வேண்டியது, நவம்பர் 27 வியாழன் காலைக்குப் போயிருக்கிறது.

பகுதி நான்கு தாள்: 18ஆம் தேதி செவ்வாய் பிற்பகல் நடக்க வேண்டியது, நவம்பர் 28 வெள்ளி பிற்பகலுக்குப் போயிருக்கிறது.

ஹால் டிக்கெட்டில் FN என்று இருந்தால் காலை 10 முதல் 1 வரை. AN என்று இருந்தால் பிற்பகல் 2 முதல் 5 வரை. வெள்ளிக்கிழமை மட்டும் ஜும்ஆ தொழுகைக்காகப் பிற்பகல் தேர்வு 2.30க்குத் தொடங்கி 5.30க்கு முடியும். நமக்குப் பிற்பகலில் வருகிற இரண்டு தாளும் வெள்ளிக்கிழமையில்தான் வருகின்றன, அதனால் இரண்டுமே 2.30. கீழக்கரை, பெரியபட்டினம் நண்பர்களுக்கு இது பழக்கம்தான். மற்றவர்கள் 2 மணி என்று நினைத்து முன்னாலேயே வந்தால் நஷ்டம் ஒன்றும் இல்லை. ஆனால் திரும்பும்போது வெளியே வர ஐந்தே முக்கால் ஆகும், இருட்டிவிடும். வீட்டில் சொல்லிவிட்டு வாருங்கள்.

ஹால் டிக்கெட்டில் தேதியைத் திருத்தாதீர்கள்

இன்று மத்தியானமே இரண்டு பேர் இதைச் செய்துவிட்டார்கள், அதனால்தான் தனியாக எழுதுகிறேன். ஹால் டிக்கெட்டில் நிறுமக் கணக்கியலுக்கு நேரே 17 என்றுதான் அச்சாகியிருக்கிறது. அதை அடித்துவிட்டுப் பேனாவால் 27 என்று எழுதாதீர்கள். புது ஹால் டிக்கெட் தரமாட்டார்கள், பழையதே செல்லும் என்று சுற்றறிக்கையிலேயே இருக்கிறது. ஹால் டிக்கெட்டில் கையால் எழுதிய எதுவாக இருந்தாலும், ஒரு போன் நம்பராக இருந்தாலும்கூட, பறக்கும் படை வந்தால் கேள்வி வரும். ஏற்கெனவே எழுதிவிட்ட இரண்டு பேரும் நாளை 9 மணிக்குள் அலுவலகத்துக்குப் போய், ஆன்லைனில் இருந்து மறுபடி அச்செடுத்து, முதல்வர் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

புதுத் தேதிகளை வேறொரு தாளில் எழுதி வீட்டுச் சுவரில் ஒட்டுங்கள். எழுதும்போது தாளின் பெயரோடு நிறுத்தாமல் தாள் குறியீட்டையும் சேர்த்து எழுதுங்கள். அது ஏன் என்று கீழே வரும்.

இங்க்ஜெட்டில் அச்செடுத்தவர்கள் கவனிக்க வேண்டும்: ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் போதும், பதிவெண் நீலக் கறையாகிவிடும். பிளாஸ்டிக் கவரில் போட்டு வாருங்கள். லேமினேஷன் வேண்டாம், கண்காணிப்பாளர் ஒவ்வொரு தேர்வுக்கும் அதில் கையெழுத்துப் போட வேண்டியிருக்கிறது.

அரியர் உள்ளவர்களுக்கு 27, 28 இரண்டும் கண்டம்

தாள் தள்ளிப்போனதில் உண்மையிலேயே சிக்கிக்கொண்டவர்கள் இவர்கள்தான். முன்பு நடப்புத் தாள்கள் ஒரு வாரம், அரியர் தாள்கள் அடுத்த வாரம் என்று பிரிந்திருந்தன. இப்போது நம் இரண்டு தாள்களும் அரியர் வாரத்துக்குள் போய் விழுந்திருக்கின்றன.

நம் வகுப்பில் பாம்பனிலிருந்து வருகிற ஒருத்திக்கு நடந்ததை அவளைக் கேட்டுக்கொண்டே எழுதுகிறேன். அவளுக்கு முதல் செமஸ்டர் நிதிநிலைக் கணக்கியல் அரியர். அது 27ஆம் தேதி பிற்பகல், மாற்றம் இல்லை. நிறுமக் கணக்கியல் அதே 27ஆம் தேதி காலைக்கு வந்துவிட்டது. "ரெண்டும் ஒரே நாள், லெட்டர் எழுதிக் கொடுக்கலாமா?" என்று கேட்டாள். கொடுத்துப் பயன் இல்லை. ஒரே நாளில் காலையும் மாலையும் வருவதை மோதல் என்று எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அவள் இரண்டையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

அதனால் அன்றைய நாளை உட்கார்ந்து கணக்குப் போட்டோம். பாம்பனிலிருந்து காலை ஏழு மணிக்குள் பஸ் ஏற வேண்டும். 1 மணிக்குக் காலைத் தேர்வு முடிந்து, விடைத்தாளைக் கொடுத்து, இறங்கி வர 1.10 ஆகிவிடும். 1.45க்கு மறுபடி அறைப் பலகை முன்னால் நிற்க வேண்டும், ஏனென்றால் பிற்பகலில் அறை மாறும், அரியர் மாணவர்களை எங்கே போட்டிருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். இடையில் முப்பத்தைந்து நிமிடம்தான். பஸ் ஸ்டாண்டு பக்கம் போய் ஹோட்டலில் சாப்பிட்டு வர நேரம் போதாது, அன்று கேன்டீனிலும் கூட்டமாக இருக்கும். எனவே சாப்பாடு கையில் கட்டிக்கொண்டு வர வேண்டும். புளிச்சோறோ தயிர்ச்சோறோ போதும், மீன் குழம்பு வேண்டாம், பை சாய்ந்தால் ஹால் டிக்கெட்டும் மணக்கும். அந்த இடைவேளையில் புத்தகத்தைத் திறப்பதானால் நிதிநிலைக் கணக்கியலை மட்டும் திறக்கட்டும். எழுதி முடித்த காலைத் தாளுக்கு விடை சரிபார்க்கிற கூட்டத்தில் போய் நிற்க வேண்டாம் என்று அவளிடம் சொன்னேன். உங்களுக்கும் அதேதான்.

இது வேறு, ஒரே நேரத்தில் இரண்டு தாள் வருவது வேறு. நம் வகுப்பில் இரண்டு பேருக்கு இரண்டாம் செமஸ்டர் அரியர் ஒன்று 28 வெள்ளி பிற்பகலில் இருக்கிறது. பகுதி நான்கு தாளும் அதே நேரம். இது உண்மையான மோதல். இவர்கள் செய்ய வேண்டியது: தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்கு, முதல்வர் வழியாக என்று போட்டு, ஒரு கடிதம். அதில் பதிவெண், இரண்டு தாள்களின் குறியீடு, பழைய தேதி, புதுத் தேதி எல்லாம் இருக்க வேண்டும். கூடவே ஹால் டிக்கெட் நகல், சுற்றறிக்கை நகல். இரண்டு பேரின் கடிதமும் இன்று அலுவலகத்தில் கொடுத்தாயிற்று, பெற்றுக்கொண்டதற்கு இன்னொரு நகலில் முத்திரை வாங்கி வைத்திருக்கிறேன். வேறு யாருக்காவது இப்படி இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள். 27ஆம் தேதி வந்து சொன்னால் கடிதம் போய்ச் சேரவே நாள் இருக்காது.

பதில் வராவிட்டால் எதை எழுதுவது என்று கேட்டார்கள். என்னைக் கேட்டால் நடப்புத் தாளை எழுதுங்கள். அரியர் எப்படியும் ஏப்ரலில் மறுபடி வரும். நடப்புத் தாளை விட்டால் ஆப்சென்ட் விழுந்து, ஒன்றாக இருந்த அரியர் இரண்டாகும்.

வந்து சேர்வது

இந்த மாதம் ரயிலை மட்டும் நம்பாதீர்கள். பாம்பன் பாலத்தில் காற்று அளவுக்கு மேல் வீசினால் சிக்னல் கிடைக்காது, ரயில் கரையிலேயே நிற்கும். 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்துக்கும் இந்த விதி உண்டு. பஸ் என்றாலும் கார்த்திகை பிறந்துவிட்டது, ராமேஸ்வரம் வந்து போகிற ஐயப்ப பக்தர்கள் வேன்கள் ரோட்டுப் பாலத்தில் நிறுத்தி இறங்கிக் கடலை வேடிக்கை பார்ப்பார்கள், பின்னால் வருகிற பஸ் ஊர்ந்து வரும். ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரத்துக்கு ஐம்பத்தைந்து கிலோமீட்டர் போல. சாதாரண நாளில் ஒன்றரை மணி நேரம் என்றால் இப்போது இரண்டேகால் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியது நினைவிருக்கும். அப்படி ஏதாவது வந்தால் முதல் நாள் ராத்திரியே இந்தப் பக்கம் வந்து தங்கிவிடுவது நல்லது. தோழிகள் யாராவது மண்டபத்தில் எங்கள் வீட்டில் தங்குவதானால் தாராளமாக வாருங்கள், நான்கு பேருக்குப் பாய் இருக்கிறது.

தாமதமாகிவிட்டால் அறைக்கு ஓடாதீர்கள். 10 மணிக்குப் பிறகு வருகிற யாராக இருந்தாலும் நேராக முதன்மைக் கண்காணிப்பாளர் அறைக்குப் போக வேண்டும். 10.30 வரை அனுமதிப்பார்கள், கூடுதல் நேரம் தர மாட்டார்கள். 10.31க்கு வந்தால் அழுதாலும் விடமாட்டார்கள். முதல் அரை மணிக்குள் எவரும் வெளியே போகக் கூடாது என்கிற விதியும் இதனோடு பிறந்ததுதான். உள்ளே இருப்பவர் 10.20க்கு வெளியே வந்து, உள்ளே போகப் போகிறவரிடம் கேள்வியைச் சொல்லிவிடக் கூடாது அல்லவா? அதனால்தான் இரண்டுக்கும் ஒரே எல்லை.

அறை மாறியிருக்கிறது

தரைத்தளத்து அறைகளில் தண்ணீர் ஏறியிருப்பதால் நம் வகுப்பை நூலகக் கட்டடத்தின் முதல் மாடிக்கு மாற்றியிருக்கிறார்கள். எந்த அறை, எந்த பெஞ்சு என்பது தினமும் மாறும், காலை 9.30க்குப் பலகையில் ஒட்டுவார்கள். போன தடவை உட்கார்ந்த இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளாதீர்கள்.

பையையும் மொபைலையும் உள்ளே கொண்டுபோகக் கூடாது. அணைத்து வைத்திருந்தேன், பேட்டரியைக் கழற்றிவிட்டேன் என்பதெல்லாம் செல்லாது, மொபைல் உங்களிடம் இருந்தாலே முறைகேடுதான். ஸ்மார்ட் வாட்சும் அப்படியே, முள் கடிகாரம் கட்டிக்கொள்ளலாம். முன்பு பைகளை வராந்தாவில் வைப்போம். இப்போது சாரல் அடித்து எல்லாம் நனைகிறது. அதனால் துறை அறையைக் கேட்டு வாங்கியிருக்கிறேன். 9.15 முதல் 9.40 வரை திறந்திருக்கும், அப்புறம் பூட்டிச் சாவியை அலுவலகத்தில் கொடுத்துவிடுவேன். குடையையும் அங்கேயே வையுங்கள், சொட்டுகிற குடையை பெஞ்சுக்குக் கீழே வைத்தால் பக்கத்தில் இருப்பவர் காலடி முழுக்க ஈரமாகும்.

உட்கார்ந்ததும் பெஞ்சைப் பாருங்கள். மேல் பலகை, அடித்தட்டு, பக்கத்துச் சுவர் மூன்றையும். யாராவது பென்சிலில் சூத்திரமோ செக்‌ஷன் நம்பரோ கிறுக்கியிருந்தால், அடித்தட்டில் ஒரு துண்டுத்தாள் செருகியிருந்தால், தொடாமல் கையைத் தூக்கி அறைக் கண்காணிப்பாளரிடம் சொல்லுங்கள். தேர்வு தொடங்குவதற்கு முன்னால் சொன்னால் துடைத்துவிட்டுப் போவார். தொடங்கிய பிறகு பறக்கும் படை கண்ணில் பட்டால் அது உங்களுடையது இல்லை என்று நிரூபிக்க வேண்டியது நீங்கள்தான்.

விடைத்தாளின் முதல் பக்கம்

9.50க்கு விடைத்தாள் தருவார்கள், 10க்கு வினாத்தாள். இடையில் இருக்கிற பத்து நிமிடமும் முதல் பக்கத்துக்குத்தான். அதில் பதிவெண்ணுக்குக் கட்டங்கள், ஒவ்வொரு கட்டத்துக்கும் கீழே வட்டங்கள் இருக்கும். எழுத்தை மேலே எழுதி, அதற்குரிய வட்டத்தைக் கறுப்பு அல்லது நீலப் பந்துமுனைப் பேனாவால் முழுவதும் நிரப்ப வேண்டும். மழைக்கால ஈரக்கையோடு ஜெல் பேனா எடுத்தால் வட்டம் இழுபட்டுப் பக்கத்து வட்டத்தையும் தொட்டுவிடும். ஒரு கைக்குட்டை வைத்துக்கொள்ளுங்கள், முதலில் கையைத் துடையுங்கள்.

இதில் நான் பட்டதைச் சொல்கிறேன். முதல் செமஸ்டரில் ஒரு தாளில் பதிவெண்ணுக்குப் பதிலாக, இன்டர்னல் தேர்வுப் பழக்கத்தில், வகுப்பு ரோல் நம்பரை எழுதி வட்டமும் போட்டுவிட்டேன். கண்காணிப்பாளரும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார். மூன்று மணி நேரம் எழுதினேன். ரிசல்ட்டில் அந்தத் தாளுக்கு நேரே AAA என்று வந்தது, அதாவது நான் வரவே இல்லை என்று. வருகைத் தாளில் என் கையெழுத்தும் விடைத்தாள் எண்ணும் இருந்ததால் தப்பித்தேன், ஆனால் விண்ணப்பம், நகல், அலைச்சல் என்று மார்க் வர இரண்டு மாதம் ஆயிற்று. அதனால் வருகைத் தாளில் கையெழுத்துப் போடும்போது, அதில் எழுதுகிற விடைத்தாள் எண் உங்கள் கையில் இருக்கிற தாளின் எண்தானா என்று ஒரு பார்வை பாருங்கள். தவறாக வட்டம் போட்டுவிட்டால் சுரண்டாதீர்கள், வெள்ளை மை பூசாதீர்கள். உடனே சொன்னால் வேறு விடைத்தாள் கிடைக்கும்.

அடுத்தது தாள் குறியீடு. 27ஆம் தேதி காலை நிறுமக் கணக்கியல் நமக்கு மட்டும் இல்லை, பழைய பாடத்திட்டத்தில் அரியர் வைத்திருக்கும் சீனியர்களுக்கும் உண்டு. பெயர் ஒன்று, பாடம் வேறு, குறியீடு வேறு. தேதி மாறியதால் இரண்டு கூட்டமும் ஒரே அறையில் உட்கார வாய்ப்பு இருக்கிறது. போன வருடம் என் வரிசையில் ஒரு அண்ணன் மாற்றிக் கொடுத்த வினாத்தாளில் முக்கால் மணி நேரம் கணக்குப் போட்டார். நிறுவனக் கலைப்புக் கணக்கு தன் பாடத்திலேயே இல்லையே என்று அப்போதுதான் சந்தேகம் வந்தது. தாளை மாற்றிக் கொடுத்தார்கள், போன நேரம் போனதுதான். வினாத்தாள் கைக்கு வந்ததும் ஒரு கேள்வியையும் படிக்காமல், மேல் மூலையில் இருக்கிற குறியீட்டை ஹால் டிக்கெட்டில் இருப்பதோடு எழுத்து எழுத்தாகப் பொருத்திப் பாருங்கள். பாட ஆண்டும் போட்டிருக்கும், அதையும் பாருங்கள். குறியீட்டில் வருகிற ஆங்கில O எழுத்தையும் 0 என்ற சுழியத்தையும் குழப்பிக்கொள்ளாமல் வட்டம் போடுங்கள். எது எழுத்து, எது எண் என்பது ஹால் டிக்கெட்டில் பார்த்தால் சட்டென்று தெரியாது. விடைத்தாளில் அந்தக் கட்டத்துக்குக் கீழே எழுத்துகள் இருக்கின்றனவா எண்கள் இருக்கின்றனவா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

பிள்ளையார் சுழியும் கூடாது

உள்பக்கங்களில் எங்கேயும் பெயர், பதிவெண், கையெழுத்து எதுவும் வரக் கூடாது. திருத்துகிறவருக்குத் தாள் யாருடையது என்று தெரியக் கூடாது என்பதற்காகத்தான் முதல் பக்கத்தின் ஒரு பகுதியைக் கிழித்து எடுத்துவிடுகிறார்கள். உள்ளே அடையாளம் ஏதாவது இருந்தால் அந்த ஏற்பாடு வீணாகிறது. அதனால் நம்மில் பலர் பழக்கத்தில் போடுகிற பிள்ளையார் சுழி, 786, சிலுவைக்குறி, "அம்மன் துணை" எல்லாமே விதிப்படி அடையாளக் குறிதான். பேனா தானாகப் போய்விடும், அதுதான் பிரச்சினை. நான் இப்போது சுழியைக் காற்றில் போட்டுவிட்டுத் தொடங்குகிறேன். திருத்துகிறவருக்கு "தயவுசெய்து பாஸ் போடுங்கள்" என்று கடைசிப் பக்கத்தில் எழுதுவது அதைவிட மோசம், அது நேராக முறைகேட்டுக் குழுவுக்குப் போகும்.

வினாத்தாளில் பதிவெண்ணைத் தவிர எதையும் எழுதாதீர்கள், டிக் அடிப்பதும்கூட வேண்டாம். நிறுமக் கணக்கியலில் ஓரக் கணக்குகளை விடைத்தாளிலேயே, அந்தக் கேள்விக்குக் கீழே குறிப்பு என்று தலைப்பிட்டுப் போடுங்கள். அதற்கும் மார்க் உண்டு. மற்ற கிறுக்கல்களைக் கடைசிப் பக்கத்தில் போட்டுக் குறுக்கே கோடு இழுத்துவிடுங்கள். கூடுதல் தாள் கிடையாது, கொடுத்த புத்தகத்துக்குள்தான் முடிக்க வேண்டும். எனவே ஒரு பக்கத்துக்குப் பத்து வரி எழுதுகிறவர்கள் கையைக் கொஞ்சம் சுருக்குங்கள். எழுதாத பக்கங்களைக் கிழிக்காமல் குறுக்குக் கோடு போட்டுவிட்டுக் கொடுங்கள்.

வெள்ளிக்கிழமை புள்ளியியலுக்குச் சாதாரண கால்குலேட்டர் கொண்டுவரலாம், நிரல் எழுதி வைக்கிற வகை கூடாது. மூடியின் உள்பக்கத்தில் யாராவது எப்போதோ எழுதிய சூத்திரம் இருக்கிறதா என்று வீட்டிலேயே பாருங்கள். அண்ணன் அக்காவிடம் இரவல் வாங்கிய கால்குலேட்டர்களில் இது நிச்சயமாக இருக்கும். அறைக்குள் ஒருவருக்கொருவர் கால்குலேட்டர், ஸ்கேல், ரப்பர் எதையும் கைமாற்றக் கூடாது. புள்ளியியல் அட்டவணை வேண்டுமென்றால் கண்காணிப்பாளரிடம் கேளுங்கள், அறையில் தருவார்கள். சொந்த அட்டவணைப் புத்தகம் வேண்டாம்.

கரண்டு போனால் சும்மா உட்கார்ந்திருக்காதீர்கள், கை தூக்கிச் சொல்லி ஜன்னல் பக்கம் மாற்றித்தரக் கேளுங்கள். எத்தனை மணிக்குப் போனது, எத்தனை மணிக்கு வந்தது என்று பார்த்து வையுங்கள். ஈடு நேரம் தானாக வராது, கேட்டால் முதன்மைக் கண்காணிப்பாளர் முடிவு செய்வார். ஜன்னல் பக்கம் வாடைக்காற்று அடிக்கும், வினாத்தாள் பறந்து பக்கத்து பெஞ்சில் விழுந்தால் எழுந்து போய் எடுக்காதீர்கள். எடுத்துத்தரச் சொல்லுங்கள்.

நாளை 9 மணியிலிருந்து பலகைக்குப் பக்கத்தில் நிற்பேன். தீவுப் பக்கமிருந்து வருகிறவர்கள் பஸ் ஏறியதும் ஒரு மிஸ்டு கால் கொடுங்கள், எண்ணிக்கை பார்த்துக்கொள்கிறேன். 9.30க்கு யாருடைய அழைப்பு வரவில்லையோ அவர்கள் வீட்டுக்கு நானே போன் செய்வேன். என்னிடம் கூடுதலாக ஒரு கால்குலேட்டரும் ஆறு பந்துமுனைப் பேனாக்களும் இருக்கின்றன. வேண்டுமென்றால் உள்ளே போவதற்கு முன்னால் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.